முளைப்பயறில் டிரான்ஸ்அமினேஷன்: ஊட்டிக் குளிரில் முதன்முறை செய்கிறவர்களுக்கு

சமவெளியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்க ஊட்டிக்கு வந்தேன். முதல் செமஸ்டரில் எனக்கு வந்த பயிற்சி, அலனினில் இருக்கும் அமினோ தொகுதி ஆல்பா கீட்டோகுளுட்டாரிக் அமிலத்துக்கு மாறி குளுட்டாமிக் அமிலம் உருவாவதைத் தாளில் காட்டுவது. செய்முறைத்தாளில் அது ஒன்றரைப் பக்கம்தான். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஒன்றரைப் பக்கம் மலையில் இருக்கும் ஆய்வகத்தை நினைத்து எழுதப்பட்டதில்லை என்பது பாதிக் காரணம். என்ன நடக்கிறது என்று புரியாமலே குழாய்களைக் கலக்கிக்கொண்டிருந்தது மீதிக் காரணம். இப்போது இதை எட்டு நாளில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கும் எட்டு நாள் போதும்.

1. குழாயைத் தொடும் முன் நைட்ரஜன் போகும் வழியைப் படம் போட்டுப் பாருங்கள்

"அலனின் தன் அமினோ தொகுதியைக் கீட்டோ அமிலத்துக்குக் கொடுக்கிறது" என்று படிக்கும்போது இரண்டு மூலக்கூறும் நேருக்கு நேர் நின்று கைமாற்றிக்கொள்வதாக ஒரு படம் மனதில் விழும். அது தவறான படம். அலனினும் ஆல்பா கீட்டோகுளுட்டாரிக் அமிலமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. இரண்டும் ஒரே இடத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன. அந்த இடம், இந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்குள் இருக்கும் பைரிடாக்சல் பாஸ்பேட். வைட்டமின் பி6-இலிருந்து உடம்பு செய்துகொள்ளும் பொருள் அது. இனி அதை பி.எல்.பி. என்றே எழுதுகிறேன்.

பி.எல்.பி.யின் வளையத்தில் ஓர் ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது. நொதி சும்மா இருக்கும்போது அந்த ஆல்டிஹைடு, நொதியின் சொந்த லைசின் ஒன்றின் அமினோ தொகுதியோடு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும். இந்த மாதிரிப் பிணைப்புக்கு ஷிஃப் பேஸ் என்று பெயர். அலனின் உள்ளே வந்ததும் அதன் அமினோ தொகுதி லைசினை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. இப்போது அலனினின் நைட்ரஜன் ஒரு பக்கம் தன் கார்பனோடும், இன்னொரு பக்கம் பி.எல்.பி.யின் கார்பனோடும் சேர்ந்திருக்கிறது. இரட்டைப் பிணைப்பு இருப்பது பி.எல்.பி. பக்கம்.

அடுத்த நகர்வில்தான் எல்லாம் இருக்கிறது. விலகி நிற்கும் லைசின், அலனினின் ஆல்பா கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை எடுத்து, பி.எல்.பி. பக்கம் இருக்கும் கார்பனில் வைக்கிறது. அந்தப் புரோட்டான் போனபின் மிஞ்சும் எலெக்ட்ரான்களை பி.எல்.பி.யின் வளையம் தன்பக்கம் இழுத்துத் தாங்கிக்கொள்கிறது. அப்படித் தாங்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் புரோட்டான் லேசில் கழன்று வராது. இந்த மாற்றத்தில் இரட்டைப் பிணைப்பு நைட்ரஜனின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, அதாவது அலனின் பக்கத்துக்கு, நகர்ந்துவிடுகிறது. தண்ணீர் எப்போதும் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில்தான் வெட்டும். முன்பு வெட்டியிருந்தால் அலனின் அலனினாகவே வெளியே போயிருக்கும். இப்போது வெட்டினால் நைட்ரஜன் பி.எல்.பி.யிடமே தங்கிவிடுகிறது, அலனினின் மிச்சம் பைருவிக் அமிலமாக வெளியேறுகிறது.

நைட்ரஜனை ஏந்தி நிற்கும் பி.எல்.பி.க்குப் பைரிடாக்சமின் பாஸ்பேட் என்று பெயர். இதோடு வேலையில் பாதி முடிந்தது. அடுத்து ஆல்பா கீட்டோகுளுட்டாரிக் அமிலம் வந்து உட்கார்கிறது. சற்றுமுன் நடந்ததெல்லாம் பின்னோக்கி நடக்கிறது. குளுட்டாமிக் அமிலம் வெளியேறுகிறது, பி.எல்.பி. மறுபடி லைசினைப் பிடித்துக்கொள்கிறது. வழியில் எங்கேயும் அமோனியா தனியாக வெளிவரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை ஒரு தாளில் நீங்களே வரைந்து, இரட்டைப் பிணைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு குழாயும் இந்தப் படத்தின் ஏதோ ஓர் இடத்தைத்தான் சோதிக்கிறது.

2. வாங்கும்போது லேபிளை வரிவரியாகப் படியுங்கள்

தேவைப்படுபவை: எல்-அலனின், ஆல்பா கீட்டோகுளுட்டாரிக் அமிலம், அடையாளப் புள்ளிக்கு எல்-குளுட்டாமிக் அமிலம், பி.எல்.பி., அமினோஆக்சி அசிட்டிக் அமிலம், நின்ஹைட்ரின், பியூட்டனால், கிளேஷியல் அசிட்டிக் அமிலம், டயாலிசிஸ் குழாய், வாட்மன் 1 தாள். பாஸ்பேட் உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும் எந்த ஆய்வகத்திலும் இருக்கும்.

இண்டெண்ட் எழுதும்போது "அலனின்" என்று மட்டும் எழுதாதீர்கள். விலை குறைவு என்று டிஎல்-அலனின் வந்து சேரும். அதில் பாதி டி-வடிவம், அதை இந்த நொதி தொடாது. நீங்கள் 10 மைக்ரோமோல் போட்டதாக நினைப்பீர்கள், நொதிக்குக் கிடைப்பது 5. "எல்-" என்ற எழுத்து ஆர்டரிலும் பில்லிலும் பாட்டிலிலும் இருக்கிறதா என்று மூன்று இடத்திலும் பாருங்கள்.

அதேபோல் கீட்டோகுளுட்டாரிக் அமிலம் வெறும் அமிலமா, சோடியம் உப்பா என்று பாருங்கள். இரண்டுக்கும் மூலக்கூறு எடை வேறு, கரைக்கும் முறையும் வேறு. வெறும் அமிலம் 146.1. பி.எல்.பி. பெரும்பாலும் மோனோஹைட்ரேட்டாக வரும், அப்போது 265.2. தண்ணீர் சேராததற்கு 247.1. புத்தகத்தில் பார்த்த எண்ணை வைத்து எடை போடாதீர்கள், கையில் இருக்கும் பாட்டிலின் எண்தான் கணக்கு. நோட்டில் முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு பாட்டிலின் மூலக்கூறு எடையையும் லாட் எண்ணையும் எழுதிவையுங்கள்.

செலவில் கண்ணை உறுத்துவது பி.எல்.பி.தான். கிராம் கணக்கில் பார்த்தால் அலனினுக்குப் பக்கத்திலேயே வராத விலை. ஆனால் ஒரு தடவைக்கு உங்களுக்கு வேண்டியது 26.5 மி.கி. மட்டுமே. ஒரு கிராம் வாங்கினால் 35 தடவைக்கு மேல் வரும். ஆகவே கிடைக்கிற சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஈரமும் வெளிச்சமும் படாமல் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் இங்குள்ள பனிமூட்ட நாட்களில் மூடியைத் திறந்த நிமிடத்தில் உள்ளே ஈரம் படிந்துவிடும்.

பொருள் கோயம்புத்தூரிலிருந்துதான் வரும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும். பயறை ஊறப்போடுவதை எல்லாம் கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பயறு முளைக்க இங்கே நாலு நாள்

நொதிக்கு ஆட்டு ஈரலும் பயன்படும். எனக்குப் பச்சைப்பயறுதான் பிடித்தது. மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், நாற்றம் இல்லை, நொதியும் போதுமான அளவு இருக்கிறது. முளைக்கும் விதை, பருப்பில் சேர்த்துவைத்த புரதத்தை உடைத்து, அமினோ தொகுதிகளை வேருக்கும் தண்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதனால் இந்த நொதிகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

ஊரில் ராத்திரி ஊறவைத்தால் மறுநாள் மாலை முளை எட்டிப்பார்க்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அறைக்குள் வைத்தாலும் நாலைந்து நாள் ஆகும். சில விதைகள் அதற்குள் அழுகிவிடும். இன்குபேட்டர் இருந்தால் 28 டிகிரியில் இருட்டில் வையுங்கள், இரண்டரை நாளில் முளை 2 செ.மீ. வந்துவிடும். இல்லாதவர்கள் ஈரத்துணியில் கட்டி, மூடிய பாத்திரத்தில் போட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறம் வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வைக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். தினம் இரண்டு தடவை அலசுங்கள். வழவழப்பு தட்டினால் பாக்டீரியா வந்துவிட்டது, அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள். பாக்டீரியாவுக்கும் இதே நொதிகள் உண்டு, பயறின் நொதி எது அதன் நொதி எது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

4. சாறு எடுத்து, ஒரு ராத்திரி முழுக்க டயாலிசிஸ்

பாஸ்பேட் பஃபர் 50 மில்லிமோலார், பி.எச். 7.5. ஒரே செறிவில் டைபொட்டாசியம் உப்பு 84 பங்கும் மோனோபொட்டாசியம் உப்பு 16 பங்கும் கலந்தால் ஏறத்தாழ வந்துவிடும், மீதியை மீட்டர் பார்த்துச் சரிசெய்யுங்கள். ட்ரிஸ் பஃபர் தயாராக இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ட்ரிஸ் தானே ஓர் அமீன். பி.எல்.பி.யின் ஆல்டிஹைடோடு ஒட்டும், கடைசியில் நின்ஹைட்ரினோடும் நிறம் காட்டித் தாளைக் கெடுக்கும்.

தோல் நீக்கிய முளைப்பயறு 20 கிராம், குளிர்ந்த பஃபர் 40 மி.லி., கழுவிய மணல் ஒரு சிட்டிகை. உரலில் நைசாக அரைத்து, மஸ்லின் துணியில் பிழிந்து, சென்ட்ரிஃபியூஜில் 20 நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்கும் வெளிர் சாறுதான் வேண்டியது.

இதை அப்படியே பயன்படுத்தலாம் என்று சில செய்முறைத்தாள்களில் இருக்கும். வேண்டாம். முளைப்பயறில் அஸ்பராஜினும் மற்ற அமினோ அமிலங்களும் நிறைய மிதந்துகொண்டிருக்கும். என் முதல் தாளில் ஒவ்வொரு குழாயிலும் ஐந்தாறு புள்ளிகள், சைபர் நிமிடத்தில் எடுத்ததிலும் அதேதான். குளுட்டாமிக் அமிலம் புதிதாக உருவானதா, பயறிலேயே இருந்ததா என்று சொல்லவே முடியவில்லை. ஆகவே 10 மி.லி. சாற்றை டயாலிசிஸ் குழாயில் கட்டி, ஒரு லிட்டர் பஃபரில் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். மாலை 4 மணிக்குத் தொடங்கி, 8 மணிக்கு ஒரு தடவை பஃபரை மாற்றி, மறுநாள் காலை இன்னொரு தடவை மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். சின்ன மூலக்கூறுகள் வெளியே போய்விடும், நொதி உள்ளேயே நிற்கும். அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

5. கரைசல்கள்: எனக்கு மூன்று வாரம் போன இடம்

அலனின் 0.1 மோலார் எளிது: 89 மி.கி.யை 10 மி.லி. பஃபரில் கரைத்தால் போதும்.

கீட்டோகுளுட்டாரிக் அமிலத்தில்தான் நான் மாட்டினேன். தாராளமாக இருக்கட்டும் என்று 0.5 மோலார் தயாரித்து, அமிலத்தை அப்படியே தண்ணீரில் கரைத்து வைத்தேன். குழாயில் 0.1 மி.லி. விட்டதும் சாறு பால் மாதிரி கலங்கி, சிறிது நேரத்தில் வெள்ளைத் துகள்கள் அடியில் இறங்கின. புரதம் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன். குளுட்டாமிக் அமிலம் ஒரு தடவைகூட வரவில்லை. புதுச் சாறு, புது அலனின், புது பி.எல்.பி. என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே மூன்று வாரம் போனது.

கணக்குப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். 0.5 மோலாரில் 0.1 மி.லி. என்றால் 50 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறு இரண்டு புரோட்டானை விடும், ஆக 100. குழாயில் இருந்த பஃபரோ எல்லாம் சேர்த்து 0.9 மி.லி., 50 மில்லிமோலார். மொத்தமே 45 மைக்ரோமோல் பாஸ்பேட். அது 100 புரோட்டானை எப்படித் தாங்கும்? பி.எச். தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தபோது 3-க்குப் பக்கத்தில் காட்டியது. அடியில் இறங்கிய வெள்ளைத் துகள் என் நொதிதான்.

சரியான முறை இது. 146 மி.கி. அமிலத்தை 6 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1.9 மி.லி. மெதுவாகச் சேருங்கள். அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 7.5-க்குக் கொண்டுவந்து, 10 மி.லி. ஆக்குங்கள். இது 0.1 மோலார். இந்த நீர்த்த அளவிலும் நடுநிலை ஆக்காமல் விட்டால் குழாயின் பி.எச். ஏறத்தாழ ஆறரைக்கு இறங்கிவிடும். துகள் இறங்காது, நொதி மந்தமாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாததால் அது இன்னும் மோசம். எல்லாக் குழாய்களையும் கலந்தபின், ஒரு கூடுதல் குழாயில் பி.எச். தாள் நனைத்துப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

பி.எல்.பி. ஒரு மில்லிமோலார் வேண்டும். 2.65 மி.கி.யை நம் தராசில் நம்பி எடுக்க முடியாது. 26.5 மி.கி. எடுத்து 10 மி.லி. பஃபரில் கரைத்து, பி.எச். இறங்கியிருந்தால் சரிசெய்து, அதில் ஒரு பங்கை பஃபரால் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். மஞ்சளாக இருக்கும். அலுமினியத் தாளைச் சுற்றிவையுங்கள், வெளிச்சம் அதைக் கெடுக்கும். அன்றன்றைக்குத் தயாரிப்பதே நல்லது. பழைய பாட்டில் நன்றாக இருக்கிறதா என்று சந்தேகமா? 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 0.1 மில்லிமோலாருக்கு நீர்க்கச் செய்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 388 நா.மீ.யில் பாருங்கள். 0.66 அருகில் வரவேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் பாட்டிலைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

6. ஆறு குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி

ஒவ்வொரு குழாயிலும் மொத்தம் 1 மி.லி. முதல் குழாயில் பஃபர் 0.4, சாறு 0.3, பி.எல்.பி. 0.1, அலனின் 0.1, கீட்டோகுளுட்டாரேட் 0.1 மி.லி., இந்த வரிசையில். மற்றவற்றில் விடுபடுவதற்கு ஈடாக பஃபரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதில் கீட்டோகுளுட்டாரேட் கிடையாது. மூன்றாவதில் அலனின் கிடையாது. நான்காவதில் எல்லாம் உண்டு, ஆனால் சாறு வேகவைத்தது. ஐந்தாவதில் பி.எல்.பி. மட்டும் சேர்க்கவில்லை. ஆறாவதிலும் பி.எல்.பி. சேர்க்கக் கூடாது, அதற்குப் பதில் அமினோஆக்சி அசிட்டிக் அமிலம் 10 மில்லிமோலார் 0.1 மி.லி. விட்டு, சாற்றோடு 15 நிமிடம் வைத்தபின் மற்ற இரண்டையும் சேருங்கள்.

இந்த அமினோஆக்சி அசிட்டிக் அமிலம் ஹெமிஹைட்ரோகுளோரைடாக வரும், 10.9 மி.கி.யை 10 மி.லி. ஆக்கி நடுநிலைப்படுத்துங்கள். நச்சுப்பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பி.எல்.பி.யின் ஆல்டிஹைடைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதுதான் இதன் குணம். குழாயில் தனி பி.எல்.பி. மிதந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும், நொதிக்குக் கிடைப்பது குறையும். எனக்கு முதல் தடவை நொதி நிற்கவே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

வேகவைத்த சாறு பற்றி ஒரு வார்த்தை. "கொதிநீரில் 2 நிமிடம்" என்று தாளில் இருந்தது, அப்படியே செய்தேன். நான்காவது குழாயிலும் குளுட்டாமிக் அமிலம் மங்கலாக வந்தது. லேப் அட்டெண்டர் அண்ணனிடம் புலம்பினேன். "குக்கர் இல்லாம இங்க பருப்பே வேகாதும்மா, இது மட்டும் ரெண்டு நிமிஷத்துல வெந்துடுமா?" என்றார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் 93-ஐத் தாண்டவில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும். இந்த வகை நொதிகள் சூட்டை ஓரளவு தாங்கக்கூடியவை வேறு. மெல்லிய குழாயில் ஒரு மி.லி.யை மட்டும் எடுத்து, சாறு இருக்கும் மட்டத்துக்கு மேல்வரை தண்ணீரில் மூழ்கவைத்து, 10 நிமிடம் வையுங்கள். பிறகு அந்தத் தொந்தரவு வரவில்லை.

ஆறையும் 37 டிகிரி வாட்டர்பாத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். மூடி போடாத வாட்டர்பாத் இந்தக் குளிரில் 37-ஐ எட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும், டயலை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வையுங்கள். முதல் குழாயை இன்னொன்றும் கலந்து, அதை உடனே நிறுத்திச் சைபர் நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த, ஒவ்வொன்றிலும் 2 மி.லி. எத்தனால் சேர்த்து, சற்று வெதுவெதுப்பாக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை எடுங்கள். ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் போட்டால் தாளில் புள்ளிகள் இழுத்துக்கொண்டு ஓடும்.

7. தாள் ஓட்டம்

குளிர்காலத்தில் அலமாரியைத் திறந்து கிளேஷியல் அசிட்டிக் அமிலத்தைச் சாய்த்தால் அசையாது. அது 16.6 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அடுப்பிலோ கொதிநீரிலோ வைக்காதீர்கள், பாட்டில் விரிசல் விட்டுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம், ஃப்யூம் ஹூட்டுக்குள். முழுவதும் உருகியபின் குலுக்கிவிட்டு அளங்கள். பாதி உருகியதில் ஊற்றினால் விகிதம் தவறும்.

பியூட்டனால் 60, அசிட்டிக் அமிலம் 15, தண்ணீர் 25 மி.லி. கலந்தால் ஒரே திரவமாக நிற்கும். 4:1:5 என்ற கலவையில் இரண்டு அடுக்கு பிரியக் காத்திருக்க வேண்டும், இங்கே அது எரிச்சலான வேலை. கலவையை அன்றே தயாரியுங்கள்.

இந்தக் கலவையில் குளுட்டாமிக் அமிலம் தாளில் ஏறத்தாழ 0.30, அலனின் 0.38 என்ற விகிதத்தில் நகரும். வித்தியாசம் 0.08 மட்டுமே. திரவம் 12 செ.மீ. ஏறினால் இரண்டு புள்ளிக்கும் நடுவே 1 செ.மீ.கூட இருக்காது, ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். 25 செ.மீ. ஏறினால் 2 செ.மீ. கிடைக்கும். ஆகவே நீளத் தாளாக எடுத்து, மாலையில் தொட்டியில் விட்டு, காலையில் எடுங்கள். எண்ணை நம்பி முடிவு சொல்லாதீர்கள். அதே தாளில் அலனினும் குளுட்டாமிக் அமிலமும் தனித்தனியாக ஓட வேண்டும், அவைதான் அளவுகோல்.

ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோ லிட்டர் வையுங்கள், ஒரே தடவையில் இல்லை, 5 5-ஆக நான்கு தடவை. நடுநடுவே ஹேர் டிரையரில் குளிர்க்காற்று விட்டு உலர்த்துங்கள். மூட்டம் கவிந்த நாளில் தானாக உலரும் என்று காத்திருந்தால் புள்ளி பூரி மாதிரி விரிந்துவிடும். அரை செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கோடும் எண்ணும் பென்சிலில் மட்டும். கையுறை போடுங்கள், விரல் பட்ட இடமெல்லாம் பிறகு ஊதாவாக வரும்.

காலையில் தாளை நன்றாக உலர்த்தி, அசிட்டோனில் 0.2 சதவீத நின்ஹைட்ரினைத் தெளித்து, 100 டிகிரி அவனில் 5 நிமிடம்.

8. தாளைப் படிப்பது

எல்லாம் சரியாக நடந்திருந்தால் முதல் குழாயில் இரண்டு ஊதாப் புள்ளிகள்: அலனின், அதற்குச் சற்றுக் கீழே குளுட்டாமிக் அமிலம். அலனின் தீர்ந்துபோகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்த வினையின் சமநிலை எண் ஒன்றுக்கு அருகில்தான். இரண்டையும் 10 மைக்ரோமோல் போட்டுத் தொடங்கினால், எத்தனை மணி நேரம் வைத்தாலும் ஏறத்தாழ பாதியில் நின்றுவிடும். நொதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டும். மறுபக்கம் போகவிடாமல் செய்ய வேண்டும் என்றால் பைருவிக் அமிலத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தில் இருக்கும் இதே நொதியை அளக்க எஸ்ஜிபிடி பார்க்கும்போது இன்னொரு நொதியைச் சேர்த்து அதைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது குழாய்தான் எனக்குப் பிடித்தது. நொதி இருக்கிறது, அலனின் இருக்கிறது, பி.எல்.பி. இருக்கிறது. தாளில் அலனின் அப்படியே நிற்கிறது. முதல் படியில் வரைந்த படத்தை எடுத்துப் பாருங்கள். நொதி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் அலனினை எடுத்து, நைட்ரஜனை வாங்கிக்கொண்டு, பைருவிக் அமிலத்தை விட்டிருக்கிறது. ஆனால் அந்த நைட்ரஜனை வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் வரவில்லை, அதனால் கையில் ஏந்தியபடியே நிற்கிறது. குழாயில் அலனின் 10 மைக்ரோமோல், நொதி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆளுக்கு ஒன்று எடுத்ததைத் தாளில் பார்க்க முடியாது.

மூன்றாவதில் குளுட்டாமிக் அமிலம் மங்கலாக வந்தால் டயாலிசிஸ் போதவில்லை. சாற்றில் மிஞ்சிய வேறு அமினோ அமிலம் நைட்ரஜனைக் கொடுத்திருக்கிறது. அடுத்த தடவை சாற்றை இன்னும் ஒரு ராத்திரி கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும்.

நான்காவதில் பி.எல்.பி. உண்டு, இருந்தும் ஒன்றும் வரக் கூடாது. பி.எல்.பி.க்குத் தனியாகவும் இந்த வேலை தெரியும், படிகாரம் போன்ற உலோக உப்போடு சேர்த்துச் சூடாக்கினால் செய்யும். 37 டிகிரியில் நொதி இல்லாமல் இரண்டு மணி நேரத்தில் தாளில் தெரிகிற அளவுக்குச் செய்யாது.

ஐந்தாவதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் குழம்புவார்கள். பி.எல்.பி. சேர்க்கவே இல்லை, குளுட்டாமிக் அமிலம் முதல் குழாய் அளவுக்கே வந்திருக்கிறது. அப்படியானால் பி.எல்.பி. தேவையில்லையா? என் வகுப்பில் ஒருவர் ரெக்கார்டில் அப்படியே எழுதிக் கொடுத்தார். நொதி பயறுக்குள் இருக்கும்போதே தன் பி.எல்.பி.யைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. டயாலிசிஸிலும் அது எளிதில் கழன்று போவதில்லை. ஐந்தாவது முதலாவதைவிட மங்கலாக இருந்தால் கொஞ்சம் நொதி தன் பி.எல்.பி.யை இழந்திருக்கிறது என்று பொருள். எஸ்ஜிபிடி சோதனையிலும் இதே விஷயம் உண்டு: பி6 குறைந்தவரின் ரத்தத்தில் பி.எல்.பி. இல்லாத நொதியும் இருக்கும், பி.எல்.பி. சேர்க்காத கிட்டில் பார்த்தால் அளவு குறைத்துக் காட்டும்.

பி.எல்.பி. இல்லாமல் நடக்காது என்பதை ஆறாவது குழாய்தான் சொல்கிறது. நொதி வேகவில்லை, பி.எச். மாறவில்லை, அலனினும் கீட்டோ அமிலமும் இருக்கின்றன. ஆல்டிஹைடு மட்டும் அடைபட்டிருக்கிறது. குளுட்டாமிக் அமிலம் இல்லை. ஐந்தையும் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள், அப்போதுதான் பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் விளங்கும்.

அலனினுக்குப் பதில் வேறு அமினோ அமிலம் வைத்துப் பார்க்க ஆசை வரும். அஸ்பார்ட்டிக் அமிலம் நன்றாக வேலை செய்யும், ஆனால் தாளில் குளுட்டாமிக் அமிலத்தோடு இன்னும் நெருங்கி ஓடும். லைசின், திரியோனின், புரோலின் மூன்றையும் விட்டுவிடுங்கள். அவை பொதுவாக இந்த வழியில் அமினோ தொகுதியைக் கொடுப்பதில்லை.

9. ரெக்கார்டுக்கு

நின்ஹைட்ரின் நிறம் சில நாட்களில் மங்கிவிடும். அவனிலிருந்து எடுத்த உடனே, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வரைந்துவிடுங்கள். படத்தோடு தேதி, லாட் எண்கள், கலந்தபின் பார்த்த பி.எச்., வாட்டர்பாத்தின் உண்மையான சூடு, அறையின் சூடு ஆகியவற்றையும் எழுதுங்கள். கடைசி இரண்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஜனவரியில் செய்த தாளையும் ஏப்ரலில் செய்த தாளையும் ஒப்பிடும்போது முதலில் தேடுவது அவற்றைத்தான்.